தங்கை மகளுக்கு எழுதிய கடிதம் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது, எப்படித் திருத்துவது?

பிறைக்காரன்

தங்கை மகள் அடுத்த திங்கள்கிழமை பினாங்கு பாயான் லெப்பாசில் ஒரு சிப் தொழிற்சாலையில் டெஸ்ட் இன்ஜினியராகச் சேர்கிறாள். முதல் வேலை. நானும் அதே வட்டாரத்தில் டெக்னீஷியனாக உள்ளே போய் இன்றுவரை டெஸ்ட் லைனிலேயே காலம் தள்ளியவன். "மாமா, சும்மா வாயால சொல்லாம எழுதிக் குடுங்க, வச்சுப் படிக்கிறேன்" என்று கேட்டாள். உட்கார்ந்து எழுதினேன். மனைவி வாங்கிப் படித்துவிட்டு, "இதை பேங்க்ல சேர்ற பிள்ளைக்கும் குடுக்கலாமே" என்றாள். சுருக்கென்றது. மறுபடி படித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரிதான். முக்கியமான வரிகள் இவை:

> நேரத்துக்கு வேலைக்குப் போ.
> தெரியாததைக் கேட்கத் தயங்காதே.
> எல்லோரிடமும் நல்ல பெயர் எடு.
> பிரச்சினை வந்தால் பதறாதே, நிதானமாக யோசி.
> சம்பளத்தில் கொஞ்சமாவது சேமி.

எதுவும் பொய்யில்லை. ஆனால் இதில் நான் எங்கே இருக்கிறேன்? இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள், எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்குவது?

தாமான்_தாத்தா

தம்பி, வேலைக்கு மனு எழுதும்போது இவ்வளவு நீட்டக்கூடாது. ஒரு பக்கம் போதும். மேலே முகவரி, கீழே கையெழுத்து, படித்த சான்றிதழின் நகலை இணைக்க வேண்டும். என் பேரனுக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன், மூன்றே மாதத்தில் ஷா ஆலமில் வேலை கிடைத்தது. மேனேஜரை "நீ" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் மாற்றுங்கள்.

பிறைக்காரன்

ஐயா, இது மனு இல்லை. வேலை கிடைத்துவிட்டது. மருமகளுக்கு நான் எழுதும் கடிதம். பேரனுக்கு வாழ்த்துகள்.

லைன்_அக்கா

நானும் டெஸ்ட் லைன்தான், இப்போது புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அதனால் இந்த மாதிரி வரிகளை நிறையவே கேட்டிருக்கிறேன், நானே சொல்லியும் இருக்கிறேன். பிள்ளைகள் தலையை ஆட்டுவார்கள், அவ்வளவுதான்.

அண்ணே, உங்கள் ஐந்து வரியில் நாலாவது மட்டும் எனக்கு உயிருள்ளதாகத் தெரிகிறது. "பதறாதே" என்று எழுதும்போது உங்கள் மனதில் ஏதோ ஒரு ராத்திரி ஓடியிருக்க வேண்டும். யாரோ பதறியதைப் பார்க்காமல் அந்த வார்த்தை வராது. அந்த ராத்திரியை இங்கே எழுதுங்கள். எந்த மெஷின், என்ன பெயில், யார் என்ன செய்தார்கள், அப்புறம் என்ன ஆனது. நீதி எதுவும் வேண்டாம், நடந்தது மட்டும் போதும். கம்பெனி பெயர், கஸ்டமர் பெயர், சிப்பின் பெயர் மூன்றும் வேண்டாம். கடிதத்திலும் வேண்டாம், அவள் கையெழுத்துப் போடப்போகும் ரகசிய ஒப்பந்தத்தில் முதலில் வருவதே அதுதான்.

பிறைக்காரன்

அக்கா சரியாகப் பிடித்துவிட்டீர்கள். ஒரு ராத்திரி இருக்கிறது.

நைட் ஷிப்ட். சிப்பை எடுத்து டெஸ்டருக்குக் கொடுக்கும் ஒரு ஹேண்ட்லர், நாலு சைட். அதாவது ஒரே நேரத்தில் நாலு சிப் நாலு சாக்கெட்டில் உட்கார்ந்து டெஸ்ட் ஆகும். வழக்கமாக யீல்டு, அதாவது பாஸ் ஆகும் பங்கு, 98 சதவீதம் வரும் பொருள். அன்று நள்ளிரவுக்குப் பிறகு 91க்கு இறங்கியது. பெயில் ஆனதில் பெரும்பாலானவை ஓப்பன், அதாவது சிப்பின் கால் சாக்கெட்டில் சரியாகத் தொடவில்லை என்று டெஸ்டர் சொல்கிறது. லாட் ஹோல்டு ஆகிவிட்டது, காலையில் அது கப்பல் ஏற வேண்டிய சரக்கு. சூப்பர்வைசர் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வந்து நிற்கிறார்.

டெக்னீஷியன் கெட்டிக்காரர்தான். மெஷினை நிறுத்தினார், நாலு சாக்கெட்டையும் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்தார், சந்தேகத்துக்கு மூன்றாவது சாக்கெட்டைப் புதிதாக மாற்றினார், சாக்கெட்டுகள் உட்கார்ந்திருக்கும் லோட் போர்டைக் கழற்றி மறுபடி மாட்டினார். எல்லாம் ஒரே நிறுத்தத்தில். ஓட்டினால் 98. எல்லோருக்கும் நிம்மதி. பதிவேட்டில் "சாக்கெட் சரி செய்யப்பட்டது" என்று ஒரு வரி.

இரண்டு ராத்திரி கழித்து அதே மெஷின், அதே 91. இப்போது பகல் இன்ஜினியர் கேட்கிறார்: "அன்னிக்கு எதனால சரியாச்சு?" யாருக்கும் தெரியவில்லை. மூன்று காரியம் செய்திருக்கிறார், அதில் எது மருந்து என்று எப்படிச் சொல்வது? இந்த முறை அவர் ஒன்றே ஒன்றுதான் செய்யச் சொன்னார். மூன்றாம் சைட் சாக்கெட்டையும் முதல் சைட் சாக்கெட்டையும் இடம் மாற்று, வேறெதையும் தொடாதே. மாற்றி ஓட்டினோம். பெயில் சாக்கெட்டோடு முதல் சைட்டுக்குப் போகவில்லை, மூன்றாம் சைட்டிலேயே நின்றது. அப்படியானால் சாக்கெட் குற்றமில்லை. போர்டைக் கழற்றிப் பார்த்தால் டெஸ்டரோடு சேரும் இடத்தில் ஒரு தொடுமுனை தேய்ந்திருந்தது. அன்று போர்டைக் கழற்றி மாட்டியதில் அது தற்செயலாகச் சரியாக உட்கார்ந்து இரண்டு நாள் ஓடியிருக்கிறது. புதுச் சாக்கெட் போட்டது வீண் செலவு.

இதைத்தான் "பதறாதே" என்று ஒரு வார்த்தையில் அமுக்கிவிட்டேன் போலிருக்கிறது.

லைன்_அக்கா

பாருங்கள், இதை பேங்க் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது.

ஆனால் பாடம் "பதறாதே" இல்லை. அந்த டெக்னீஷியன் பதறினார் என்று எனக்குத் தோன்றவில்லை. வேகமாகத்தான் வேலை செய்திருக்கிறார், லாட்டை அனுப்பவும் செய்தார். விஷயம் என்னவென்றால், ஒரே நிறுத்தத்தில் மூன்று மாற்றம் செய்தால் மெஷின் ஓடும், காரணம் தெரியாது. அப்புறம் அவசரத்தில் மூன்றையும் செய்துதான் ஆக வேண்டிய ராத்திரிகளும் உண்டு, அதையும் மருமகளிடம் மறைக்காதீர்கள். அப்படிச் செய்தால் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். "சாக்கெட் சரி செய்யப்பட்டது" என்ற அந்த ஒற்றை வரிதான் அடுத்த ஷிப்டை ஏமாற்றியது. போர்டைக் கழற்றி மாட்டினோம் என்று இருந்திருந்தால் பகல் இன்ஜினியர் நேராகப் போர்டிலிருந்தே தொடங்கியிருப்பார்.

இன்னொன்று கேட்கிறேன். ஹோல்டு ஆன அந்த லாட்டை என்ன செய்தீர்கள்? பெயிலான சிப்பை மறுபடி ஓட்டினீர்களா?

பிறைக்காரன்

மெஷினைச் சரிசெய்த பிறகு ஓட்டினோம், முக்கால்வாசி பாஸ் ஆகிவிட்டது. அது வழக்கம்தானே?

லைன்_அக்கா

வழக்கம்தான். எத்தனை முறை மறு ஓட்டம் விடலாம் என்பது கஸ்டமரோடு பேசிவைத்த கணக்கு, அதற்குள் இருந்தால் தப்பில்லை. நான் கேட்டதற்குக் காரணம், மெஷினைச் சரிசெய்யாமலே மறுபடி ஓட்டியிருந்தாலும் அந்த லாட் கிட்டத்தட்ட இதே மாதிரி பாஸ் ஆகியிருக்கும். புதிதாக வருபவர்கள் வழுக்கி விழும் இடம் இது.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். 1000 சிப், சைட்டுக்கு 250. நல்ல மூன்று சைட்டிலும் நூற்றுக்கு 2 பெயில், அது 15. மொத்தம் 91 சதவீதம் என்றால் பெயில் 90, ஆக மூன்றாம் சைட்டில் மட்டும் 75. அந்த 75இல் உண்மையாகவே கெட்டது ஐந்துதான், மீதி 70 நல்ல சிப், தொடுதல் சரியில்லாததால் பெயில் ஆனவை. இப்போது 90ஐயும் அள்ளி மறுபடி ஊற்றினால் அவை நாலு சைட்டிலும் பரவி விழும். அந்த 70 நல்ல சிப்பில் முக்கால் பங்கு நல்ல சைட்டுக்குப் போய்ப் பிழைத்துவிடும். மூன்றாம் சைட்டுக்குப் போகிற பதினேழு, பதினெட்டிலும் ஐந்து போலத்தான் மறுபடி பெயில் ஆகும். ஆக மொத்தம் 25 பெயில், 97.5 சதவீதம். ஹோல்டு நீங்கியது, லாட் கிளம்பியது, ரிப்போர்ட் அழகாக இருக்கிறது. மெஷின் கெட்டபடியே இருக்கிறது.

அதனால் கடைசி எண்ணைப் பார்க்காதே, முதல் ஓட்டத்து எண்ணைப் பார், அதையும் சைட் வாரியாகப் பார் என்று எழுதுங்கள். இதை எந்தக் கல்லூரியிலும் யாரும் இந்த மாதிரி சொல்லிக் கொடுப்பதில்லை.

புதுப்பையன்

வணக்கம். நான் பத்து காவானில் வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. அக்கா சொல்கிற சைட் வாரி எண் இப்போது எங்கள் திரையிலேயே கலரோடு வருகிறது. ஒரு சைட் மற்றதைவிட இறங்கினால் மெஷினே நின்றுவிடும். அதனால் அந்தப் பகுதி கொஞ்சம் பழைய கதை போலப் படுகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எனக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது இரண்டாவது வரி. "தெரியாததைக் கேட்கத் தயங்காதே" என்று எல்லோரும் சொல்லி அனுப்பினார்கள். நானும் கேட்டேன். "அண்ணே, இந்த மெஷின் ஓகேயா?" "ஓகே." அவ்வளவுதான் பதில். மூன்று வாரம் இப்படியே போனது. யாரும் வேலையும் கொடுக்கவில்லை. மேஜையில் உட்கார்ந்து பழைய ஸ்லைடுகளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

லைன்_அக்கா

கோபம் இல்லை தம்பி. ஆனால் மெஷின் நிற்பதற்கு எத்தனை சதவீத வித்தியாசம் வேண்டும் என்று யாரோ ஒருவர்தான் எண் போட்டு வைத்திருப்பார். அடிக்கடி நிற்கிறது என்று தொல்லையாகி அந்த எண்ணைத் தளர்த்தி வைத்த லைன்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மெஷினில் அது எவ்வளவு, யார் கடைசியாக மாற்றினார்கள் என்று ஒருநாள் பாருங்கள்.

கேள்வி விஷயத்தில் நீங்கள் சொன்னது முக்கியம். "ஓகேயா?" என்று கேட்டால் "ஓகே" என்றுதான் பதில் வரும். "மூணாம் சைட்ல ஓப்பன் எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது? அதுக்கு முன்னாடி மெஷின்ல யாராவது கை வச்சாங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். டெக்னீஷியன் உட்கார்ந்து பேசுவார். அவருக்கு மட்டுமே தெரிந்ததை நீங்கள் கேட்கிறீர்கள், அதனால்.

பிறைக்காரன்

முதல் வரிக்கும் இது பொருந்தும் போலிருக்கிறதே. எங்கள் ஷிப்ட் ஏழுக்கு. நான் ஆறே முக்காலுக்கே லைனில் நிற்பேன். ஒழுக்கம் என்று நினைக்க வேண்டாம். போகிறவர் கோட்டைக் கழற்றுவதற்கு முன் பிடித்தால்தான் நாலு வார்த்தை கிடைக்கும். ரிப்போர்ட்டில் எண் இருக்கும். "அந்த மூணாம் நம்பர் மெஷின் கொஞ்சம் வேற மாதிரி சத்தம் போடுது" என்பது ரிப்போர்ட்டில் வராது.

கெப்போங்வாசி

நீங்கள் எல்லோரும் மெஷினையே பேசுகிறீர்கள். சேமிப்பு வரியை யாரும் தொடவில்லை. முதலில் ஓவர்டைம் கேட்கச் சொல்லுங்கள்! 2023 முதல் வேலைவாய்ப்புச் சட்டம் எல்லாத் தொழிலாளிக்கும் பொருந்தும், சம்பளம் எவ்வளவு இருந்தாலும். இன்ஜினியருக்கு ஓவர்டைம் இல்லை என்று கம்பெனி சொன்னால் நேராகத் தொழிலாளர் அலுவலகம் போகலாம். என் நண்பர் ஒருவர் வருடக்கணக்கில் சும்மாவே ராத்திரி வேலை பார்த்தார்.

கணக்குப்பிள்ளை

பாதி சரி. கோலாலம்பூரில் சம்பளக் கணக்கு பார்ப்பதுதான் என் வேலை. 2023 ஜனவரி 1 முதல் சட்டம் எல்லோருக்கும் என்பது உண்மை. ஆனால் ஓவர்டைம் உட்பட சில பிரிவுகள் மட்டும் மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் சம்பளம் வாங்குகிறவர்களுக்குக் கிடையாது, உடலுழைப்பு வேலை போன்ற சில வகையினர் தவிர. ஆக இந்தப் பெண்ணின் சம்பளம் எவ்வளவு என்பதுதான் கேள்வி, இன்ஜினியர் என்ற பதவிப் பெயர் கணக்கில் வராது.

3,200 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதை 26ஆல் வகுத்தால் நாளுக்கு 123.08. எட்டு மணி நேர நாள் என்றால் மணிக்கு 15.38. சாதாரண வேலை நாளில் ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 23 வெள்ளிக்குச் சற்று மேல். பே ஸ்லிப்பில் இதைவிடக் குறைவாக வந்தால் கேட்கலாம்.

இன்னொன்று, இபிஎப் பிடித்தம் ஓவர்டைம் பணத்துக்குக் கிடையாது, அடிப்படைச் சம்பளம் போன்றவற்றுக்குத்தான். ஓவர்டைம் நிறைய செய்த மாதத்தில் இபிஎப் ஏறவில்லையே என்று பிள்ளைகள் பயந்து போன் செய்வார்கள். 3,200க்கு அவள் பங்கு 11 சதவீதம், 352 வெள்ளி. கம்பெனி பங்கு 13 சதவீதம், 416. கம்பெனி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். முதல் சம்பளம் வந்ததும் சந்தோஷத்தில் இருப்பாள், 15 கழிந்ததும் இபிஎப் கணக்கைத் திறந்து 768 வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சேமிக்கச் சொல்வதைவிட அது உருப்படியான வரி.

கெப்போங்வாசி

4,000 விஷயம் எனக்குத் தெரியாது. சரி. ஆனால் என் நண்பர் சம்பளம் அதற்குக் கீழேதான்.

கணக்குப்பிள்ளை

அப்படியானால் அவர் கேட்கலாம். தாமதிக்க வேண்டாம், பழைய பாக்கிக்கு எல்லை உண்டு.

புதுப்பையன்

எனக்கு ஒரு சந்தேகம். முதல் மாதமே ஓவர்டைம் கேட்டால் பெயர் கெட்டுவிடாதா? மூன்றாவது வரியில் மாமாவே "நல்ல பெயர் எடு" என்று எழுதியிருக்கிறார்.

லைன்_அக்கா

இதில் எனக்கும் கணக்குப்பிள்ளைக்கும் ஒத்துப்போகாது என்று நினைக்கிறேன். சட்டப்படி கேட்கலாம். ஆனால் எங்கள் லைனில் புதிதாக வந்தவர் முதல் ஆறு மாதம் எதற்கு நிற்கிறார், எதற்குப் போகிறார் என்று எல்லோரும் பார்ப்பார்கள். நான் இருந்தால் முதலில் தேதி, நேரம் எழுதி வைத்துக்கொள்வேன், கேட்பதை அப்புறம் பார்த்துக்கொள்வேன்.

கணக்குப்பிள்ளை

அக்கா, இப்படித்தான் வருடக்கணக்கில் போகிறது. ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பிறைக்காரன்

அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. எழுதி வைக்கச் சொல்கிறேன், கேட்பது அவள் முடிவு. மூன்றாவது வரியைத் தூக்கிவிட்டேன். திருத்திய கடிதம் இது, நடுப்பகுதி மட்டும்:

> பாப்பா,
>
> ஷிப்ட் ஏழுக்கு என்றால் ஆறே முக்காலுக்கு லைனில் நில். போகிற டெக்னீஷியனிடம் "எப்படி இருந்தது" என்று கேட்காதே. "ராத்திரி எந்த மெஷினில் கை வைத்தீர்கள், எதற்கு?" என்று கேள். ரிப்போர்ட்டில் இல்லாதது அங்கேதான் கிடைக்கும்.
>
> யீல்டு இறங்கினால் மொத்த எண்ணை விட்டுவிடு. முதல் ஓட்டத்து எண்ணை எடு, சைட் வாரியாகப் பிரித்துப் பார். நாலு சைட்டும் சேர்ந்து இறங்கினால் சரக்கைச் சந்தேகப்படு. ஒரு சைட் மட்டும் இறங்கினால் மெஷினைச் சந்தேகப்படு. மறு ஓட்டத்தில் பாஸ் ஆகிவிட்டது என்று யாராவது சொன்னால் சந்தோஷப்படுவதற்கு முன், எந்த சைட்டில் பெயில் ஆனவை என்று கேள்.
>
> இறங்கிய சைட் சாக்கெட்டையும் நல்ல சைட் சாக்கெட்டையும் இடம் மாற்று. பெயில் கூடவே போனால் சாக்கெட், அங்கேயே நின்றால் போர்டு அல்லது டெஸ்டர். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். அவசரத்தில் மூன்று செய்ய நேர்ந்தால் மூன்றையும் பதிவேட்டில் எழுது. நான் பார்த்த ஒரு ராத்திரியில் மூன்றையும் ஒன்றாகச் செய்து ஒரு வரி மட்டும் எழுதினார்கள். நல்ல சாக்கெட் ஒன்று வீணாகப் போனது, யீல்டு மறுபடி இறங்கியபோது காரணம் யாருக்கும் தெரியவில்லை.
>
> முதல் சம்பளத்துக்கு அடுத்த மாதம் 15 கழிந்ததும் இபிஎப் கணக்கைப் பார். கூடுதலாக நின்ற நேரத்தைத் தேதியோடு எழுதி வை.

தாமான்_தாத்தா

இப்போதுதான் புரிகிறது. நன்றாக இருக்கிறது. ஆனால் கடிதத்தில் "சாப்பிட்டாயா" என்று ஒரு வார்த்தைகூட இல்லையே தம்பி.

பிறைக்காரன்

அது முதல் பக்கத்தில் இருக்கிறது ஐயா, நாசி கண்டார் கடை விலாசத்தோடு.

புதுப்பையன்

மாமா, ஒரு சிக்கல். "இடம் மாற்று" என்று அவளிடம் சொல்கிறீர்கள். எங்கள் இடத்தில் சர்டிபிகேஷன் முடியாத இன்ஜினியர் ஹேண்ட்லரைத் திறக்கவே கூடாது. முதல் வாரம் நான் கதவைத் தொட்டதற்கே திட்டு விழுந்தது. அவள் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நேராகக் கையை உள்ளே விட்டால்?

லைன்_அக்கா

தம்பி சொல்வது சரி, நானும் கவனிக்காமல் விட்டுவிட்டேன். டெக்னீஷியனிடம் மாற்றச் சொல் என்று எழுதுங்கள். அவளுக்கு அனுமதி வந்த பிறகும் கைப்பட்டையை மாட்டி எர்த் செக் செய்யாமல் உள்ளே கை போகக் கூடாது. நிலைமின்சாரத்தில் சிப் செத்தால் கண்ணுக்குத் தெரியாது, சில சமயம் டெஸ்டிலும் தப்பித்துவிட்டு வெளியே போய்ச் சாகும்.

அப்புறம், கழற்றுவதற்கு முன் இரண்டு சாக்கெட்டின் சீரியல் நம்பரையும் எந்தச் சைட்டிலிருந்து எடுத்தது என்று எழுதிக்கொள்ள வேண்டும். ஷிப்ட் மாறும் நேரத்தில் மாற்றினால் அடுத்தவர் "யாரோ தப்பாகப் போட்டிருக்கிறார்கள்" என்று திரும்ப மாற்றிவிடுவார். மாற்றியதும் லாட்டை ஓட்டாமல், நல்லது என்று உறுதியாகத் தெரிந்த சிப் ஒன்றை நாலு சைட்டிலும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கென்றே லைனில் தனியாக வைத்திருப்பார்கள்.

பிறைக்காரன்

இரண்டையும் சேர்த்துவிட்டேன். "டெக்னீஷியனிடம் சொல்லி இடம் மாற்றச் சொல், பக்கத்தில் நின்று சீரியல் நம்பரை நீ எழுது" என்று மாற்றினேன். புதுப்பையன் சொன்ன, யாரும் வேலை கொடுக்காத அந்த மூன்று வாரத்துக்கு என்ன எழுதுவது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. நான் டெக்னீஷியனாகப் போனவன், முதல் நாளே பிரஷைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

புதுப்பையன்

நான் கடைசியில் ஒரு மெஷினைத் தேர்ந்தெடுத்து அதன் பதிவேட்டை ஆறு மாதம் பின்னோக்கிப் படித்தேன். ஒரே கோளாறு எத்தனை முறை திரும்ப வந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் சீனியரிடம் காட்டினேன். அன்றைக்குத்தான் முதல் வேலை கொடுத்தார். எல்லா இடத்திலும் இது நடக்குமா தெரியாது.

லைன்_அக்கா

எங்கள் இடத்தில் பதிவேடு பார்க்கவே தனி அனுமதி வேண்டும். ஆனாலும் எழுதுங்கள் அண்ணே, கேட்டுப் பார்க்கட்டும்.